லித்தியம்-காற்று மின்கலமும் ஆக்சிஜன் கணக்கும்

ஒரு மின்கலம் தன் எடைக்கு எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்பது, அது எத்தனை எலக்ட்ரான்களைச் சுற்றுக்குள் அனுப்புகிறது என்பதோடு, அந்த எலக்ட்ரான்களுக்காக எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதையும் பொறுத்தது. இன்று கைபேசிகளிலும் மின்வாகனங்களிலும் உள்ள லித்தியம்-அயனி மின்கலத்தில் இந்தப் பாரம் மிகுதி. அதன் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டில் ஒரு லித்தியம் அணுவுக்கு இடம் கொடுக்க ஆறு கார்பன் அணுக்கள் தேவைப்படுகின்றன. மறுமுனையில் கோபால்ட் ஆக்சைடு இருக்குமானால், அதிலுள்ள லித்தியத்தில் ஏறக்குறையப் பாதியை மட்டுமே படிகம் குலையாமல் வெளியே எடுக்க முடியும். இந்தக் கணக்கின்படி, ஒரு மோல் எலக்ட்ரான்களை, அதாவது 26.8 ஆம்பியர்-மணி மின்னேற்றத்தை, நடத்தி வைப்பதற்கு 72 கிராம் கார்பனும் 196 கிராம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடும் சேர்ந்து 268 கிராம் தேவை. இந்த எடையில் பெரும்பகுதி வினையில் எதையும் தருவதில்லை. லித்தியம் அயனி வந்து தங்கவும் திரும்பிப் போகவும் ஒரு கட்டமைப்பாக நிற்பதே அதன் வேலை.

அந்தக் கட்டமைப்பையே நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையாக வந்ததே லித்தியம்-காற்று மின்கலம். ஒரு முனையில் தூய லித்தியம் உலோகத் தகடு. மறுமுனையில், மின்கலம் தன்னுள் சுமந்து திரியத் தேவையின்றி வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து லித்தியம் பெராக்சைடு என்னும் வெண்மையான திண்மப் பொருளைத் தருகின்றன:

2Li + O₂ → Li₂O₂

இந்த வினையின் மின்னழுத்தம் 2.96 வோல்ட், இது லித்தியம்-அயனி மின்கலம் தரும் ஏறத்தாழ 3.7 வோல்ட்டைவிடக் குறைவே. ஆனால் ஒரு மோல் எலக்ட்ரான்களுக்கு உருவாகும் லித்தியம் பெராக்சைடின் எடை 23 கிராம் மட்டுமே. 26.8 ஆம்பியர்-மணியை 2.96 வோல்ட்டால் பெருக்கினால் 79 வாட்-மணி கிடைக்கிறது. அதை 23 கிராமால் வகுத்தால் ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 3,450 வாட்-மணி என்ற அளவு வருகிறது. அதே முறையில் கணக்கிட்டால் கிராஃபைட்-கோபால்ட் ஆக்சைடு இணைக்கு 400 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆக, ஒன்பது மடங்கு என்று சொல்லப்படும் ஆதாயம் முழுவதும் வினையின் வலிமையிலிருந்து வந்ததன்று. சுமையைக் குறைத்ததிலிருந்து வந்தது.

வெகுசன எழுத்துகளில் இதைவிடப் பெரிய எண் ஒன்று அடிக்கடி தென்படும். ஆக்சிஜனின் எடையைச் சேர்க்காமல் லித்தியத்தை மட்டும் எடைபோட்டால் கிலோகிராமுக்கு 11,400 வாட்-மணி என்று வருவதால், இது 12,000 வாட்-மணியைச் சற்றே தாண்டும் பெட்ரோலுக்கு இணையானது என்று எழுதிவிடுவார்கள். இந்த ஒப்பீடு பாதி உண்மைதான். பெட்ரோல் எரிந்து உண்டாகும் புகை வண்டியை விட்டு வெளியேறிவிடுகிறது. லித்தியம் பெராக்சைடோ மின்கலத்துக்குள்ளேயே தங்குகிறது. ஒரு கிலோகிராம் லித்தியம் முழுவதும் வினைபுரிந்து முடிந்தபோது அது 3.3 கிலோகிராம் பெராக்சைடாகியிருக்கும். ஓட ஓட எடை கூடும் வண்டி அது. பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்பது மின்கலத்துக்குச் சாதகமான விஷயம் என்றாலும், நேர்மையாகப் பேச வேண்டுமானால் தொடக்கப்புள்ளியாக 3,450 என்ற எண்ணையே கொள்ள வேண்டும்.

கரிமக் கரைப்பானில் இயங்கும், மீண்டும் மின்னேற்றக்கூடிய இத்தகைய மின்கலத்தை 1996-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த ஈஐசி ஆய்வகத்தில் கே. எம். ஆபிரகாமும் ஜியாங்கும் முதலில் வெளியிட்டனர். பத்தாண்டுகள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2006-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் புரூஸின் குழு, பெராக்சைடைத் திரும்பவும் லித்தியமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க முடியும் என்று காட்டிய பின்பே இத்துறையில் கூட்டம் கூடியது. 2009-இல் ஐபிஎம் நிறுவனம், ஒரு முறை மின்னேற்றினால் 500 மைல் ஓடும் வாகனத்தை இலக்காக வைத்துத் தன் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அந்த 2006-ஆம் ஆண்டு முடிவுக்கு அடித்தளமாக இருந்த கரைப்பானே பின்னாளில் குற்றவாளியாக நின்றது. அதைப் புரிந்துகொள்ள, காற்று முனையில் நடப்பதை அணுக்கத்தில் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் செய்யப்படும் மின்கலம் எளிய அமைப்புடையது. ஒரு லித்தியம் வில்லை, அதன்மேல் மின்பகுளியில், அதாவது லித்தியம் உப்பைக் கரைத்து வைத்திருக்கும் கரிமக் கரைப்பானில், நனைத்த கண்ணாடி இழைத்தாள், அதன்மேல் நுண்துளைகள் கொண்ட கார்பன் அடுக்கு, அதற்கும் மேல் ஆக்சிஜன் நிரம்பிய சிறு இடைவெளி. மின்னிறக்கத்தின்போது லித்தியம் அயனிகள் மின்பகுளி வழியாகக் கார்பனை நோக்கி வருகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக அங்கே வந்து சேர்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூறு முதலில் ஒரே ஒரு எலக்ட்ரானை ஏற்றுச் சூப்பர்ஆக்சைடு என்னும் அயனியாகிறது. லித்தியத்தோடு சேர்ந்த இந்தச் சூப்பர்ஆக்சைடு நிலையற்றது. அது இன்னொரு எலக்ட்ரானை வாங்கிப் பெராக்சைடாகலாம். அல்லது இரண்டு சூப்பர்ஆக்சைடுகள் தமக்குள் எலக்ட்ரானை மாற்றிக்கொண்டு, ஒன்று பெராக்சைடாகவும் மற்றொன்று மீண்டும் ஆக்சிஜனாகவும் ஆகலாம். இரண்டாவதாகச் சொன்ன இந்த வினைக்கு விகிதச்சிதைவு என்று பெயர். அது பின்னர் இன்னொரு முறை வரும்.

உருவாகும் லித்தியம் பெராக்சைடு கரைப்பானில் கரைவதில்லை, மின்சாரத்தையும் கடத்துவதில்லை. அதாவது, வினையின் விளைபொருளே வினை நடக்கும் இடத்தை மூடுகிறது. கார்பனின் மேல் அது மெல்லிய படலமாகப் படியும்போது, எலக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவிச் செல்ல முடிவது சில நானோமீட்டர் தடிமன் வரைதான். ஐந்து முதல் பத்து நானோமீட்டர் எட்டியவுடன் மின்னழுத்தம் செங்குத்தாகச் சரிந்து மின்கலம் நின்றுவிடுகிறது. லித்தியமும் மீதமிருக்கும், ஆக்சிஜனும் மீதமிருக்கும், மின்கலம் மட்டும் செத்துப்போயிருக்கும்.

இந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மில்லிகிராம் கார்பன் பூசப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் கார்பன் தூளில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 60 சதுர மீட்டர் மேற்பரப்பு இருப்பதால், இந்த ஒரு மில்லிகிராமுக்கு 600 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு உண்டு. ஒரு மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றம் 0.86 மில்லிகிராம் பெராக்சைடை உண்டாக்கும். அதை அந்த மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராகப் பரப்பினால் படலத்தின் தடிமன் ஆறு நானோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதாவது, ஒரு மில்லிஆம்பியர்-மணியிலேயே இந்தக் கார்பன் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. வணிகத்திலுள்ள லித்தியம்-அயனி மின்முனை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மூன்று நான்கு மில்லிஆம்பியர்-மணியை எளிதாகத் தருகிறது.

இந்தப் படலத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. சூப்பர்ஆக்சைடை நன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் கரைப்பானைத் தேர்ந்தெடுத்தால், அது கார்பனின் மேற்பரப்பை விட்டுக் கரைசலுக்குள் நகர்ந்து, அங்கே விகிதச்சிதைவு அடைந்து, பெராக்சைடு பெரிய துகள்களாக வளர்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவை நடுவில் குழிந்த வட்டுகளாக, உளுந்து வடையின் வடிவில், சில நூறு நானோமீட்டர் அகலத்தில் தெரிகின்றன. கார்பனின் பெரும்பகுதி திறந்தே இருப்பதால் மின்கலம் பல மடங்கு நேரம் இயங்குகிறது. எந்தக் கரைப்பானில் படலம், எதில் வட்டு என்பதைச் சூப்பர்ஆக்சைடின் கரைதிறன் தீர்மானிக்கிறது என்று புரூஸின் குழு 2014-இல் விளக்கிற்று. கரைப்பானில் சிறிதளவு நீர் கலந்திருந்தாலும் வட்டுகள் வளரும் என்பதும் அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. ஆனால் இந்த ஆதாயத்துக்கு விலை உண்டு. சூப்பர்ஆக்சைடு கரைசலில் எவ்வளவு நேரம் உலவுகிறதோ அவ்வளவு நேரம் அது கரைப்பானைத் தாக்கவும் வாய்ப்புப் பெறுகிறது. கொள்ளளவைக் கூட்டும் ஏற்பாடும் ஆயுளைக் குறைக்கும் ஏற்பாடும் ஒன்றாகவே அமைந்திருப்பது இந்த மின்கலத்தின் பிடிவாதமான குணம்.

தாக்குதல் என்பது இங்கே மிகையான சொல்லன்று. 2006 முதல் 2010 வரை பெரும்பாலான ஆய்வகங்கள், லித்தியம்-அயனி மின்கலத்தில் நன்கு பழகிய புரொப்பிலீன் கார்பனேட் போன்ற கார்பனேட் கரைப்பான்களையே இதிலும் பயன்படுத்தின. மின்கலங்கள் இயங்கின, 2.6, 2.7 வோல்ட்டில் சமதளமான மின்னிறக்கக் கோடு கிடைத்தது. நான்கு வோல்ட்டை ஒட்டி மின்னேற்றமும் நடந்தது. பல சுற்றுகள் வரை கொள்ளளவும் ஓரளவு நிலைத்தது. மின்னழுத்தமானியை மட்டும் பார்ப்பவருக்குக் குறை எதுவும் தென்பட்டிருக்காது. 2010-இல் டொயோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மின்னிறக்கத்துக்குப் பின் கார்பன் முனையில் இருப்பது பெராக்சைடு அன்று, கார்பனேட் வகைச் சேர்மங்களே என்று கண்டனர். அடுத்த ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஸ்டெஃபான் ஃப்ராய்ன்பெர்கரும் புரூஸும் உடனிருந்தோரும் அகச்சிவப்பு நிறமாலை முதலிய முறைகளால் அங்கிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர்: லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபார்மேட், லித்தியம் அசிட்டேட், புரொப்பிலீன் கார்பனேட்டின் உடைந்த எச்சமான ஒரு லித்தியம் உப்பு, கார்பன் டைஆக்சைடு, நீர். பெராக்சைடு மட்டும் இல்லை.

நடந்தது இதுதான். கார்பனேட் மூலக்கூறின் நடுவே எலக்ட்ரான் பற்றாக்குறையுள்ள ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதற்கு அருகில் ஆக்சிஜனோடு பிணைந்துள்ள இன்னொரு கார்பனும் எளிதில் தாக்கப்படும். எலக்ட்ரான் மிகுந்த சூப்பர்ஆக்சைடு, பெராக்சைடாக மாறும் முன்பே இவற்றைத் தாக்கி மூலக்கூறின் வளையத்தைத் திறந்துவிடுகிறது. அதன்பின் மின்னேற்றத்தின்போது உடைவது பெராக்சைடு அன்று, கரைப்பானின் சிதைவுகள். வெளிவருவது ஆக்சிஜன் அன்று, கார்பன் டைஆக்சைடு. ஒவ்வொரு சுற்றும் கரைப்பானில் ஒரு பகுதியைத் தின்றுகொண்டே ஓடியது. கரைப்பான் தீர்ந்தபோது மின்கலமும் தீர்ந்தது. அவ்வாறு பார்த்தால் அந்த ஆண்டுகளில் வெளிவந்த பல சுற்று எண்ணிக்கைகள், கரைப்பான் எத்தனை முறை எரிக்கப்பட்டது என்பதன் எண்ணிக்கைகளே.

இந்த ஏமாற்றம் ஒரு நல்ல வழக்கத்தை விட்டுச்சென்றது. கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வகத்தில் பிரையன் மெக்லோஸ்கியும் அவருடன் இருந்தோரும், மின்கலத்தை நிறைநிறமாலைமானியோடு, அதாவது வாயு மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்து எண்ணும் கருவியோடு, நேரடியாக இணைத்து, ஓடும்போதே எந்த வாயு எவ்வளவு உள்ளே போகிறது, எது எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அளந்தனர். இதன் அடிப்படை எளியது. பெராக்சைடு வினையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்குச் சரியாக இரண்டு எலக்ட்ரான்கள். ஆகவே ஒரு மில்லிஆம்பியர்-மணி மின்னோட்டம் ஓடினால் 18.7 மைக்ரோமோல் ஆக்சிஜன், அறை வெப்பநிலையில் அரை மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு, உள்ளே போயிருக்க வேண்டும். மின்னேற்றத்தில் அதே அளவு வெளியே வர வேண்டும். இந்த விகிதம் இரண்டிலிருந்து விலகினால், எலக்ட்ரான்களில் ஒரு பகுதி வேறு எங்கோ வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

விலகல் எதனால் என்பதைக் காண இன்னொரு சோதனையும் தேவை. அது எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யத்தக்க அளவுக்குச் சாதாரணமானது. மின்னிறக்கம் முடிந்த கார்பன் அடுக்கை நீரில் இட்டால், அதிலுள்ள பெராக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும்; அந்த நீரில் டைட்டானியம் ஆக்சிசல்ஃபேட் கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் உண்மையில் எவ்வளவு பெராக்சைடு இருந்தது என்பது கிடைத்துவிடும்.

கார்பனேட்டுகளைக் கைவிட்டு, ஈதர் வகைக் கரைப்பான்களுக்கு மாறியபோது மின்னிறக்கத்தில் விகிதம் இரண்டுக்கு மிக அருகில் வந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் மஞ்சள் நிறம் எதிர்பார்த்ததைவிட வெளிறியே இருந்தது. மின்னேற்றத்தில் திரும்பி வந்த ஆக்சிஜன், உள்ளே போனதில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. பத்தில் ஒன்பது என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 99.9 விழுக்காடு திரும்பினாலும், இழப்பு ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகி, ஆயிரம் சுற்றுகளுக்குப் பின் எஞ்சுவது 37 விழுக்காடே. ஆயிரமாவது சுற்றில் 80 விழுக்காடு இருக்க வேண்டுமானால் சுற்றுக்கு 99.98 விழுக்காடு தேவை. வாகன மின்கலத்துக்கு இது இயல்பான எதிர்பார்ப்பு. லித்தியம்-அயனி மின்கலம் இதை நாள்தோறும் நிறைவேற்றுகிறது.

எஞ்சிய இழப்புக்கு யார் பொறுப்பு என்பதில் ஒரு புதிர் இருந்தது. சூப்பர்ஆக்சைடையும் பெராக்சைடையும் தனியாக ஈதரோடு கலந்து வைத்துப் பார்த்தால், மின்கலத்தில் காணும் அளவுக்குச் சிதைவு நிகழ்வதில்லை. மேலும், சூப்பர்ஆக்சைடு மிகுதியாக இருக்கும் மின்னிறக்கத்தைவிட, அது குறைவாக இருக்கும் மின்னேற்றத்திலேயே பக்கவினைகள் அதிகம். குற்றம் நடந்த நேரமும் சந்தேகத்துக்குரியவர் இருந்த நேரமும் பொருந்தவில்லை.

விடை ஆக்சிஜனின் இன்னொரு வடிவத்தில் கிடைத்தது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்கின்றன. கரிமச் சேர்மங்களில் எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு இணை சேர்ந்தே இருப்பதால், இந்த இரண்டுக்கும் இடையே வினை எளிதில் தொடங்குவதில்லை. மரமும் எண்ணெயும் காற்றில் தாமாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறக்குறைய ஓர் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் கூடுதலாகக் கிடைத்தால், ஆக்சிஜனின் அந்த இரண்டு எலக்ட்ரான்களும் இணை சேர்ந்துவிடும். ஒற்றைநிலை ஆக்சிஜன் எனப்படும் இந்த வடிவத்துக்கு அந்தத் தடை கிடையாது. ஈதரையும் கார்பனையும் அது தயக்கமின்றித் தாக்கும்.

2016-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு மின்னேற்றத்தின்போது இது தோன்றுவதைக் காட்டியது. 2017-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், அப்போது அங்கே சென்றுவிட்டிருந்த ஃப்ராய்ன்பெர்கரின் குழு, டைமெத்தில் ஆந்த்ரசீன் என்னும் சேர்மத்தைப் பொறியாக வைத்து அதைப் பிடித்தது. இந்தச் சேர்மம் சாதாரண ஆக்சிஜனையும் சூப்பர்ஆக்சைடையும் பொருட்படுத்துவதில்லை. ஒற்றைநிலை ஆக்சிஜனை மட்டும் விரைந்து பற்றித் தன்னுள் பாலம்போல் பிணைத்துக்கொள்ளும். மின்கலத்தில் சிறிதளவு சேர்த்து, ஓடிய பின் எத்தனை மூலக்கூறுகள் அவ்வாறு மாறின என்று எண்ணினால் போதும். மின்னிறக்கத்தில் சிறிதளவும், மின்னேற்றத்தின் தொடக்கத்திலிருந்தே அதைவிட அதிகமாகவும், மின்னழுத்தம் ஏற ஏற மேலும் மிகுதியாகவும் அது உருவாவது தெரிந்தது. முன்பு குறிப்பிட்ட விகிதச்சிதைவே இதன் முதன்மை ஊற்று என்று அக்குழு கருதியது: இரண்டு சூப்பர்ஆக்சைடுகள் சந்தித்து எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளும்போது விடுபடும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு இந்தக் கொந்தளிப்பான நிலையில் பிறக்கிறது. பொறியாக வைத்த சேர்மம் பக்கவினைகளைக் குறைத்தது என்பதே இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று. ஆனால் பொறி ஒவ்வொரு முறையும் தானே செலவழிந்துபோகிறது. செலவழியாமல் ஒற்றைநிலை ஆக்சிஜனைத் தணித்துவிடும் சில அமீன் சேர்மங்கள் உண்டு என்றாலும், அவற்றுள் முதலில் முயன்ற டாப்கோ 3.6 வோல்ட்டை ஒட்டியே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுகிறது.

மின்னேற்ற மின்னழுத்தம் ஏன் அவ்வளவு உயர்கிறது என்பது அடுத்த முடிச்சு. அது முந்தைய முடிச்சோடு பின்னிக்கிடக்கிறது. 2.7 வோல்ட்டில் மின்சாரம் தரும் கலத்தை மின்னேற்ற, நான்கு வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவதும் உண்டு, 2.7-ஐ 4.2-ஆல் வகுத்தால் 64 விழுக்காடு, அதாவது கொடுத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெப்பமாகப் போகிறது. காரணம் பெராக்சைடின் கடத்தாமை மட்டுமன்று. பெராக்சைடு கார்பனைத் தொடும் இடத்திலும் கரைப்பானைத் தொடும் இடத்திலும் லித்தியம் கார்பனேட்டின் மெல்லிய படிவு உண்டாகிறது. ஒரே மூலக்கூறு தடிமனுள்ள படிவுகூட எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுத்து, அதே மின்னோட்டத்தைப் பெற மின்னழுத்தத்தை உயர்த்தும்படி செய்கிறது. உயர்ந்த மின்னழுத்தம் ஒற்றைநிலை ஆக்சிஜனைப் பெருக்குகிறது, 3.5 வோல்ட்டைத் தாண்டினால் கார்பன் முனையே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்குகிறது. அதனால் இன்னும் கார்பனேட் படிகிறது. அதனால் மின்னழுத்தம் இன்னும் உயர்கிறது. வெளிவரும் கார்பன் டைஆக்சைடு கரைப்பானிலிருந்தா, மின்முனையிலிருந்தா என்று பிரித்தறிய, புரூஸின் குழுவில் முகமது ஒட்டகம் தொடியில் முதலானோர் கனமான கார்பன்-13 அணுக்களால் ஆன மின்முனையைச் செய்து, 2013-இல் இரண்டின் பங்கையும் தனித்தனியே காட்டினர்.

கார்பனே வேண்டாம் என்றால் என்ன? அதே குழு 2012-இல் நுண்துளைத் தங்கத்தை முனையாக வைத்து, நூறு சுற்றுகளுக்குப் பின்னும் 95 விழுக்காடு கொள்ளளவு நிலைப்பதைக் காட்டியது. 2013-இல் டைட்டானியம் கார்பைடைக் கொண்டும் இதற்கு இணையான பலன் பெற்றது. வேதியியல் பார்வையில் இவை மிக முக்கியமான சான்றுகள். மின்முனை அமைதியாக இருந்தால் வினை பெரும்பாலும் திரும்பக்கூடியதே என்பதை அவை உறுதிசெய்தன. எடையின் பார்வையில் அவை பின்னடைவு. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்கு மேல். சுமையைக் குறைப்பதற்காகவே பிறந்த ஒரு மின்கலத்தில் அதை வைப்பது விலையை விட்டுவிட்டாலும் பொருளற்றது. இதைவிட நயமான வழி, கரைசலில் கரைந்து திரியும் ஓர் இடைத்தரகு மூலக்கூறைச் சேர்ப்பது. அது மின்முனையில் தன் எலக்ட்ரானை இழந்து, கரைசல் வழியே போய்ப் பெராக்சைடிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும். பெராக்சைடு மின்முனையைத் தொட வேண்டியதே இல்லை. 2013-இல் டெட்ராதியாஃபுல்வலீன் என்னும் மூலக்கூறு இவ்வாறு மின்னேற்ற மின்னழுத்தத்தை 3.5 வோல்ட்டை ஒட்டி இறக்கியது. இடைத்தரகர் காற்று முனையில் மட்டும் உலவினால் நன்று. ஆனால் அது மறுபக்கம் போய் லித்தியம் உலோகத்தோடும் வினைபுரிகிறது என்பதால், இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் ஒரு தடுப்புச் சவ்வு தேவையாகிறது.

இதுவரை சொன்ன அனைத்தும் உருளையிலிருந்து வரும் தூய ஆக்சிஜனைக் கொண்டு நடந்தவை. உண்மையான காற்றில் 0.04 விழுக்காடு மட்டுமே உள்ள கார்பன் டைஆக்சைடு பெராக்சைடை லித்தியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். நீராவி அதை லித்தியம் ஹைட்ராக்சைடாக்கிவிடும். கார்பனேட்டை உடைக்க நான்கு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே வாகனத்தில் ஒன்று ஆக்சிஜன் தொட்டியையும் அழுத்தியையும் சுமக்க வேண்டும், அல்லது காற்றைச் சுத்திகரிக்கும் கருவியைச் சுமக்க வேண்டும். 2014-இல் கெவின் காலகரும் உடனிருந்தோரும் இவற்றையெல்லாம் சேர்த்து முழு அமைப்பையும் எடைபோட்டபோது, மேம்பட்ட லித்தியம்-அயனி அமைப்பைவிட இது தெளிவாக வெல்லும் என்று சொல்ல முடியவில்லை.

முழு மின்கலத்தையும் எடைபோடும் பழக்கம் ஆய்வகத்துக்குள்ளேயே தேவைப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். முன்பு எடுத்துக்கொண்ட ஒரு மில்லிகிராம் கார்பன் ஒரு மில்லிஆம்பியர்-மணி தருகிறது என்றால், அதை ‘கிராமுக்கு ஆயிரம் மில்லிஆம்பியர்-மணி’ என்று எழுதலாம். அது வியப்பூட்டும் எண். ஆனால் அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் மின்கலத்தில் ஏறக்குறைய நூறு மில்லிகிராம் மின்பகுளி ஊற்றப்பட்டிருந்தால், 2.7 மில்லிவாட்-மணி ஆற்றலை நூறு மில்லிகிராமால் வகுக்க வேண்டும். கிலோகிராமுக்கு 27 வாட்-மணி வருகிறது. இது ஈய-அமில மின்கலத்தைவிடக் குறைவு. இன்னொரு விளைவும் உண்டு: மின்பகுளி இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, அதில் சிறு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் அழிந்தாலும் நூற்றுக்கணக்கான சுற்றுகள் வரை வெளியே தெரியாது. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனமும் சாஃப்ட்பேங்க் நிறுவனமும் 2021-இன் இறுதியில் அறிவித்த மின்கலம் கவனத்துக்குரியதாவது இதனால்தான். மின்பகுளியைக் கட்டுப்படுத்தி, எல்லா உறுப்புகளின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிலோகிராமுக்கு 500 வாட்-மணிக்கு மேல் அது தந்தது. ஆனால் மின்பகுளி குறைந்தவுடன் ஆயுளும் சுருங்கியது.

பெராக்சைடைத் திருத்துவதற்குப் பதிலாக அதைத் தவிர்த்துவிடும் முயற்சி ஒன்றும் இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை முற்றிலும் பிளந்து, நான்கு எலக்ட்ரான்களை ஏற்கச் செய்தால் விளைபொருள் லித்தியம் ஆக்சைடு:

4Li + O₂ → 2Li₂O

கோட்பாட்டு ஆற்றல் கிலோகிராமுக்கு 5,200 வாட்-மணியாக உயர்வதோடு, சூப்பர்ஆக்சைடும் பெராக்சைடும் தேங்காததால் அவற்றின் தாக்குதலும் குறைய வேண்டும். சிக்கல் என்னவென்றால், சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜன் பிணைப்பு அவ்வளவு எளிதில் பிளப்பதில்லை. 2018-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நசாரின் குழு, கரிமக் கரைப்பானையும் கார்பனையும் ஒருசேர விலக்கி, உருகிய நைட்ரேட் உப்பை மின்பகுளியாகவும் நிக்கல் சார்ந்த வினையூக்கியைக் காற்று முனையாகவும் வைத்து, 150 பாகை செல்சியஸில் இதை நிகழ்த்தியது. தாக்கப்படுவதற்குக் கரிமப் பொருள் எதுவும் இல்லாத அந்தக் கலத்தில் நிறைநிறமாலைமானி காட்டிய விகிதம் ஓர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய நான்கு எலக்ட்ரான்கள். 2023-இல் சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்ப நிறுவனமும் ஆர்கான் தேசிய ஆய்வகமும், பாலிமருக்குள் சல்ஃபைடு நுண்துகள்களைப் பதித்த திண்ம மின்பகுளியைக் கொண்டு, அறை வெப்பநிலையிலேயே நான்கு எலக்ட்ரான் வினையை ஆயிரம் சுற்றுகள் நடத்தியதாக வெளியிட்டன. ஒவ்வொரு சுற்றிலும் எடுக்கப்படும் மின்னேற்றம் அதில் வரம்பிடப்பட்டிருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து மில்லிஆம்பியர்-மணி எடுத்தால், துளைகளே இல்லாமல் கெட்டியாக அடுக்கினாலும் லித்தியம் ஆக்சைடு 28 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு வளர்ந்திருக்கும். திண்ம மின்பகுளியோடும் வினையூக்கியோடும் தொடர்பு அறாமல் அவ்வளவு பொருளை ஒவ்வொரு முறையும் கட்டி, ஒவ்வொரு முறையும் முழுதாகக் கரைத்தெடுக்க முடியுமா என்பதே இப்போது சோதிக்கப்பட வேண்டியது.